நீளமான கேப்ஷன் போனில் படிக்க முடியவில்லையா? அறிகுறியைப் பார்த்துச் சரிசெய்யும் வழி

கிருஷ்ணகிரி மாவட்டத்தில் சந்தூர், போச்சம்பள்ளி பக்கம் மா ஒட்டுச்செடி விற்கும் நர்சரிகள் நிறைய. செடி வாங்குகிறவர்களில் பலர் முதலில் பார்ப்பது இன்ஸ்டாகிராமில் வரும் படத்தையும் அதற்குக் கீழே உள்ள கேப்ஷனையும்தான். ரகம், விலை, வண்டி வாடகை, நேரம், நடும் முறை என்று எல்லாவற்றையும் ஒரே கேப்ஷனில் சொல்ல வேண்டியிருப்பதால் அது நீண்டுவிடும். நீளமாக இருப்பது ஒரு குறையே இல்லை. காரிமங்கலத்தில் பஸ்ஸுக்கு நிற்கிற ஒருவர், கட்டைவிரலால் தள்ளிக்கொண்டே போகும்போது விலை எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்க முடியாததுதான் குறை.

கீழே உள்ள உதாரணங்கள் எல்லாம் இப்படிப்பட்ட ஒரு கேப்ஷனை வைத்தே எழுதப்பட்டவை. விலைகள் மாதிரிக்கு மட்டும். சரிசெய்வதற்கு முன்பு அது இப்படி இருந்ததாக வைத்துக்கொள்வோம்:

```
வணக்கம் நண்பர்களே எங்கள் நர்சரியில் தற்போது மா ஒட்டுச்செடிகள் விற்பனைக்குத் தயாராக உள்ளன பெங்களூரா நீலம் செந்தூரா அல்போன்சா இமாம்பசந்த் ரகங்கள் கிடைக்கும் விலை ரகத்தைப் பொறுத்து 80 முதல் 150 வரை 100 செடிக்கு மேல் எடுத்தால் கிருஷ்ணகிரி தருமபுரி மாவட்டங்களுக்கு வண்டி வாடகை இல்லை காலை 7 மணி முதல் மாலை 6 மணி வரை...
```

உங்கள் கேப்ஷனில் எந்த அறிகுறி தெரிகிறதோ அந்தப் பகுதிக்கு நேரே போகலாம். ஒன்றுக்கு மேல் இருந்தால் வரிசையாகவே சரிசெய்யுங்கள். முதலாவதைத் திருத்தும்போதே பின்னால் வருவதில் பாதி தீர்ந்துவிடும்.

அறிகுறி: "more" தொடுவதற்கு முன் தெரிவதில் உருப்படியாக ஒன்றும் இல்லை

இன்ஸ்டாகிராமில் படங்கள் ஓடும் பக்கத்தில் கேப்ஷன் முழுதாகத் தெரியாது. ஏறக்குறைய இரண்டு வரி தெரியும். மீதி "more" என்ற சொல்லுக்குப் பின்னால் மறைந்துகொள்ளும். பலர் கவனிக்காத இன்னொன்று, முதல் வரியின் தொடக்கத்தில் உங்கள் கணக்கின் பெயர் வந்து உட்கார்ந்துகொள்கிறது. அது நீளமான ஆங்கிலப் பெயராக இருந்தால் முதல் வரியில் பாதி போய்விடும். இரண்டாம் வரியின் கடைசியில் "more" என்பதற்கும் கொஞ்சம் இடம் வேண்டும். ஆகவே உங்களுக்கு உண்மையில் கிடைப்பது ஒன்றரை வரிக்கும் குறைவு. மேலே உள்ள மாதிரியில் அந்த இடம் "வணக்கம் நண்பர்களே எங்கள் நர்சரியில்" என்பதிலேயே செலவாகிவிடுகிறது.

முதல் வரியில் என்ன பொருள், என்ன விலை. இரண்டாம் வரியில் எங்கே, எப்போது. அவ்வளவுதான்:

```
மா ஒட்டுச்செடி ₹80 முதல்
சந்தூர். ஞாயிறும் உண்டு.
```

வரி ஒவ்வொன்றும் இடைவெளியைச் சேர்த்து 15 எழுத்து அளவில் நிற்க வேண்டும். ஞாயிறு என்பதை மேலே கொண்டுவந்ததற்குக் காரணம் உண்டு. ஞாயிற்றுக்கிழமை போச்சம்பள்ளி சந்தைக்கு வருகிறவர் அப்படியே நர்சரிக்கும் வரலாமா என்று யோசிப்பார். வருவதா வேண்டாமா என்பதைத் தீர்மானிப்பது அந்த ஒரு சொல். உங்கள் தொழிலில் அப்படித் தீர்மானிக்கிற சொல் எது என்று பாருங்கள், அதை இரண்டாம் வரியில் வையுங்கள்.

இந்த இரண்டு வரிக்கு நடுவே வெற்று வரி விடாதீர்கள். கிடைப்பதே இரண்டு வரி. அதில் ஒன்றைக் காலியாக விட்டால் சந்தூர் மறைந்துவிடும். வணக்கம் சொல்லியே ஆக வேண்டும் என்றால் கடைசியில் சொல்லுங்கள், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

அறிகுறி: வரி பிரித்துத்தான் எழுதினேன், போட்டபின் எல்லாம் ஒட்டிக்கொண்டது

முதலில் பார்க்க வேண்டியது வரியின் கடைசியில் கண்ணுக்குத் தெரியாமல் தங்கியிருக்கும் வெற்றிடம். தமிழ் கீபோர்டில் "செந்" என்று தட்டியதும் மேலே "செந்தூரா" என்று பரிந்துரை வரும், அதைத் தொடுவோம். தொட்டவுடன் கீபோர்டு அந்தச் சொல்லுக்குப் பின்னால் தானாக ஒரு இடைவெளியையும் சேர்த்துவிடும். அதன்மேல் Enter தட்டினால் வரி, இடைவெளியோடு முடிகிறது. இன்ஸ்டாகிராமின் பழைய பதிப்புகள் இப்படிப்பட்ட வரிமுறிவை விழுங்கிவிடும் என்பது அப்போதிருந்தே தெரிந்த தொல்லை. இப்போது பெரும்பாலும் வரிமுறிவு நிற்கிறது. ஆனாலும் பழைய போன், வேறு ஆப் வழியாகப் போடும் பதிவு என்று வரும்போது இந்த வெற்றிடத்தைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

கண்டுபிடிப்பது எளிது. வரியின் கடைசி எழுத்துக்குப் பின்னால் தொட்டு கர்சரைக் கொண்டுபோய் நிறுத்துங்கள். எழுத்துக்கும் கர்சருக்கும் நடுவே சந்து தெரிந்தால் அங்கே இடைவெளி இருக்கிறது. ஒரு தடவை அழிக்கும் விசையைத் தட்டினால் சந்து போய்விடும், எழுத்து போகாது. இனிமேல் எழுதும்போது, பரிந்துரையைத் தொட்டு வரியை முடித்தால் Enter-க்கு முன்பு ஒரு முறை அழிக்கும் விசை என்று கையைப் பழக்கிக்கொள்ளுங்கள்.

வரிகள் பிரியாமல் இருக்கக்கூடாதே என்று வெற்று வரியில் ஒரு புள்ளி வைப்பது ஒரு பழைய தந்திரம். புள்ளி, கோடு, கண்ணுக்குத் தெரியாத விசேஷ எழுத்து என்று பல வகை சுற்றிக்கொண்டிருந்தன. இப்போது அவை தேவையில்லை. பார்வைக் குறைபாடு உள்ளவர், திரையில் உள்ளதைப் படித்துக்காட்டும் டாக்பேக் வழியாகக் கேட்கும்போது இந்தப் புள்ளிகளும் குரலில் வந்து குறுக்கிடலாம். பழைய கேப்ஷனை நகல் எடுத்துத்தான் புதியதை எழுதுகிறீர்கள் என்றால், அதில் மிச்சமிருக்கும் புள்ளிகளை முதலில் எடுத்துவிடுங்கள்.

அறிகுறி: என் போனில் அழகாக இருக்கிறது, மற்றவர் போனில் படிக்கட்டு மாதிரி

எல்லாவற்றிலும் அதிகம் கெடுக்கிற தவறு இதுதான். போட்டவர் கண்ணுக்கு இது படவே படாது என்பதால் நிதானமாகப் பார்ப்போம்.

எழுதுகிறவர் தன் போனின் ஓரம் வரை எழுதி, ஓரம் வந்ததும் Enter தட்டுகிறார். அவர் திரையில் இப்படித் தெரிகிறது:

```
நடும்போது ஒட்டுக் கட்டிய இடம்
மண்ணுக்கு மேலே இருக்க வேண்டும்
நாடாவை மறக்காமல் அவிழ்க்கவும்
```

இதையே பாலக்கோட்டில் ஒரு பெரியவர் பார்க்கிறார். அவர் போனில் எழுத்தின் அளவு பெரிதாக வைக்கப்பட்டிருக்கிறது. அவருக்குத் தெரிவது:

```
நடும்போது ஒட்டுக் கட்டிய
இடம்
மண்ணுக்கு மேலே இருக்க
வேண்டும்
நாடாவை மறக்காமல்
அவிழ்க்கவும்
```

போனே செய்யும் மடிப்பு ஒன்று, நீங்கள் Enter தட்டிப் போட்ட வரிமுறிவு ஒன்று. இரண்டும் வேறு. போனின் மடிப்பு, திரையின் அகலத்துக்கும் எழுத்தின் அளவுக்கும் தக்கபடி நகரும். உங்கள் வரிமுறிவு எந்தப் போனிலும் நகராது. வரி கொஞ்சம் கொள்ளாமல் போனால் ஒரு சொல் மட்டும் கீழே இறங்கும், உடனே உங்கள் வரிமுறிவு வந்து நிற்கும். ஒரு வரி நீளம், ஒரு வரி ஒற்றைச் சொல் என்று கடைசி வரை அப்படியே போகும்.

தமிழில் இது சீக்கிரமே வந்துவிடுகிறது. நம் எழுத்துகள் அகலமானவை. வழக்கமான எழுத்து அளவிலேயே ஒரு போன் வரியில் கொஞ்சம் தமிழ் எழுத்துதான் பிடிக்கும். எழுத்தைப் பெரிதாக்கினால் அதுவும் குறைந்துவிடும். உங்கள் போனில் ஒரு நீளமான கேப்ஷனைத் திறந்து, ஒரு முழு வரியில் எத்தனை எழுத்து இருக்கிறது என்று எண்ணினால் கணக்கு தெரிந்துவிடும்.

சரிசெய்ய இரண்டு வழி உண்டு. நடுவே ஒரு வழி இல்லை. ஒன்று, வரியை 15 எழுத்துக்குள் சுருக்குங்கள். பெரிய எழுத்து வைத்த போனிலும் பெரும்பாலும் மடியாது. இல்லையென்றால் அதை முழு வாக்கியமாக எழுதி, வாக்கியம் முடியும் வரை Enter பக்கமே போகாதீர்கள். எந்த இடத்தில் மடிந்தாலும் பத்தியாக ஓடும், படிக்கட்டு ஆகாது. திரையின் ஓரம் வரை எழுதி நிறுத்திய வரிகள்தான் மாட்டிக்கொள்கின்றன. விலை, நேரம், ரகம் போன்றவற்றுக்கு முதல் வழி. நடும் முறை போல விளக்கம் தேவைப்படும் இடத்துக்கு இரண்டாவது வழி:

```
நடும்போது
ஒட்டுக் கட்டிய இடம் மண்ணுக்கு மேலே தெரிய வேண்டும். கட்டியிருக்கும் பிளாஸ்டிக் நாடா செடியில் இன்னும் இருந்தால் அவிழ்த்துவிட்டு நடுங்கள்.
```

சோதித்துப் பார்க்க அடுத்தவர் போன் தேவையில்லை. ஆண்ட்ராய்டில் Settings > Display பகுதியில் Font size இருக்கும். அதை இரண்டு மூன்று படி ஏற்றிவிட்டு இன்ஸ்டாகிராமைத் திறந்து உங்கள் பதிவைப் பாருங்கள். ஐபோனில் Settings > Display & Brightness > Text Size. பார்த்து முடித்ததும் பழைய அளவுக்கே இறக்கிவிடுங்கள்.

குறுகிய வரி எழுதும்போது தமிழுக்கே உரிய ஒரு சங்கடம் உண்டு. "எடுத்துக்கொள்ளவேண்டியதில்லை" போல ஒரே சொல்லாகச் சேர்த்து எழுதினால், அது வரியில் கொள்ளாதபோது அப்படியே முழுதாக அடுத்த வரிக்கு இறங்கும், மேல் வரியின் வலப்பக்கம் பொட்டலாகக் கிடக்கும். கையால் கோடு போட்டு உடைக்க வேண்டாம். அந்தக் கோடு வேறு போனில் வரியின் நடுவே வந்து நிற்கும். "வேண்டாம்" என்று சொன்னால் போதுமா என்று பாருங்கள், பெரும்பாலும் போதும்.

அறிகுறி: விலைப்பட்டியல் கோணல்மாணலாக இருக்கிறது

ரகத்தின் பெயரை இடது பக்கம் எழுதி, இடைவெளி விசையைப் பலமுறை தட்டி விலையை வலது பக்கம் தள்ளினால் எந்தப் போனிலும் நேராக நிற்காது. தமிழில் ஒவ்வொரு எழுத்தும் ஒவ்வோர் அகலம். "நீலம்" எடுக்கும் இடமும் "இமாம்பசந்த்" எடுக்கும் இடமும் எழுத்து எண்ணிக்கையை வைத்துக் கணக்கிட முடியாது. போதாததற்கு, இடைவெளி விசையை இரண்டு முறை அடுத்தடுத்துத் தட்டினால் பல கீபோர்டுகள் தாமாக ஒரு முற்றுப்புள்ளியையும் வைத்துவிடும்.

விலையை முன்னால் கொண்டுவாருங்கள்:

```
ரகமும் விலையும்
₹80 பெங்களூரா
₹80 நீலம்
₹100 செந்தூரா
₹120 அல்போன்சா
₹150 இமாம்பசந்த்
```

இடது ஓரம் எல்லாப் போனிலும் நேர்கோடுதான். எண்களை அதில் சாய்த்து வைத்தால் கண் மேலிருந்து கீழே ஒரே ஓட்டமாக இறங்கும். ₹80-க்கும் ₹100-க்கும் ஓர் இலக்கம் வித்தியாசப்படுவதால் பெயர்கள் கொஞ்சம் முன்பின் நிற்கும், அது உறுத்தாது. விலை ஏறுவரிசையில் இருந்தால் இன்னும் நல்லது. ரகத்தின் பெயரைப் பார்த்து வாங்குகிறவர்களே அதிகம் என்றால் மட்டும் பெயரை முன்னால் வைத்து, ஒரு சிறு கோடு போட்டு விலையை ஒட்டி எழுதுங்கள். வலது ஓரத்துக்குத் தள்ளும் ஆசையை விட்டுவிடுங்கள்.

ஒவ்வொரு வரியின் தலையிலும் இலை, மாம்பழம் என்று எமோஜி வைத்தால் விலைக்கு முன்னால் ஒரு பச்சைத் தூண் நிற்கும். கண் அதையே பார்க்கும். டாக்பேக் ஒவ்வொரு எமோஜியின் பெயரையும் வாசித்த பிறகுதான் விலைக்கு வரும். தலைப்பு வரியில் ஒன்று இருந்தால் போதும்.

அறிகுறி: வரி பிரித்தும், எது எதோடு சேர்ந்தது என்று தெரியவில்லை

வரிமுறிவைக் கண்டுபிடித்த உற்சாகத்தில் ஒவ்வொரு வரிக்குப் பிறகும் வெற்று வரி விட்டால் இது வரும். "வண்டி" என்ற தலைப்புக்கும் அதன் விவரத்துக்கும் நடுவே உள்ள இடைவெளியும், அந்த விவரத்துக்கும் அடுத்த தலைப்பான "நேரம்" என்பதற்கும் நடுவே உள்ள இடைவெளியும் ஒன்றாகிவிடும். பார்க்கிறவருக்கு எட்டுத் தனி வரிகள் தெரியும், மூன்று பகுதிகள் தெரியாது. கட்டைவிரலுக்கும் வேலை இரட்டிப்பு.

தலைப்புக்கு மேலே ஒரு வெற்று வரி. தலைப்புக்குக் கீழே வெற்று வரி இல்லை. ஒரே பகுதிக்குள்ளும் வெற்று வரி இல்லை.

```
வண்டி
100 செடிக்கு மேல் இலவசம்
கிருஷ்ணகிரி, தருமபுரி மட்டும்

நேரம்
காலை 7 - மாலை 6
ஞாயிறும் உண்டு

போன்
00000 00000
```

இதில் இரண்டு வரி 15 எழுத்தைத் தாண்டுகிறது. மடிந்தாலும் "இலவசம்", "மட்டும்" என்று ஒவ்வொரு சொல்தான் இறங்கும், அடுத்து வருவது புரியாமல் போகாது. இப்படி ஓரிரண்டு இருந்தால் பொறுத்துக்கொள்ளலாம். தொடர்ந்து நான்கைந்து வந்தால்தான் படிக்கட்டு.

போன் எண் தனி வரியில் நிற்க வேண்டும். இன்ஸ்டாகிராம் ஆப்பில் பிறர் கேப்ஷனை நகல் எடுக்க முடியாது. எண்ணைத் தொட்டாலும் அழைப்பு போகாது. பார்க்கிறவர் மனதில் வைத்துக்கொண்டோ காகிதத்தில் எழுதிக்கொண்டோதான் கூப்பிட வேண்டும். வாக்கியத்தின் நடுவே வைத்தால் ஐந்து இலக்கம் மேல் வரியிலும் ஐந்து கீழ் வரியிலுமாகப் பிரிந்துவிடும். தனி வரியில் ஐந்து ஐந்தாகப் பிரித்து எழுதினால் ஒருமுறை பார்த்தே வாங்கிக்கொள்ளலாம்.

அறிகுறி: தலைப்பின் இருபுறமும் நட்சத்திரக் குறி தெரிகிறது

வாட்ஸ்அப்பில் `*விலை*` என்று எழுதினால் தடித்த எழுத்தாகிவிடும். நட்சத்திரம் எழுத்தோடு ஒட்டியிருக்க வேண்டும், தொடங்கிய வரியிலேயே முடிய வேண்டும். இன்ஸ்டாகிராமுக்கு இந்தக் குறி தெரியாது. அப்படியே நட்சத்திரமாகக் காட்டும். ஒரே செய்தியை இரண்டிலும் போடுகிறவர்கள் வாட்ஸ்அப்பிலிருந்து நகல் எடுக்கும்போது இது நேர்கிறது. இரண்டு மூன்று செய்திகளைச் சேர்த்து நகல் எடுத்தால் தேதியும் நேரமும் பெயரும்கூட ஒட்டிக்கொண்டு வரும். முதலில் இன்ஸ்டாகிராமுக்கு எழுதி, பிறகு வாட்ஸ்அப்பில் நட்சத்திரம் சேர்ப்பதே நல்ல வரிசை.

ஆங்கிலத்தில் கேப்ஷனைத் தடித்த எழுத்தாக மாற்றித் தரும் தளங்கள் உண்டு. அவை பயன்படுத்துவது கணிதத்துக்காக யூனிகோடில் தனியாக வைத்த ஆங்கில எழுத்துகளை. தமிழுக்கு அப்படி ஒரு வரிசை கிடையாது, ஆகவே தேடி அலைய வேண்டாம். ஒற்றைச் சொல் தலைப்பும் அதற்கு மேலே ஒரு வெற்று வரியும் இருந்தால் அந்த வேலை நடந்துவிடும்.

வாட்ஸ்அப்பில் Enter தட்டியதும் வரி மாறாமல் செய்தியே போய்விடுகிறது என்றால், Settings > Chats பகுதியில் "Enter is send" என்பதை அணைத்துவிடுங்கள். கம்ப்யூட்டரில் வாட்ஸ்அப் வெப் என்றால் Shift-ஐ அழுத்திக்கொண்டு Enter.

அறிகுறி: கொஞ்சம்தான் எழுதினேன், இதற்கு மேல் ஏற்க மறுக்கிறது

இன்ஸ்டாகிராம் கேப்ஷனின் எல்லை 2,200 குறியீடுகள். தமிழில் நாம் ஓர் எழுத்து என்று எண்ணுவது கணினிக்குப் பெரும்பாலும் இரண்டு. "கிருஷ்ணகிரி" நமக்கு 6 எழுத்து, அதற்கு 11. "தருமபுரி" நமக்கு 5, அதற்கு 8. புள்ளியும் கொம்பும் காலும் தனித்தனியாக எண்ணப்படுகின்றன. ஒவ்வொரு வரிமுறிவும் ஒன்றாகக் கணக்கில் சேரும், ஆனால் அதை மிச்சம்பிடித்து ஒன்றும் ஆகப்போவதில்லை.

எல்லையைத் தொட்டால் வெற்று வரிகளை எடுக்காதீர்கள், நடும் முறையை எடுங்கள். குழி அளவு, உரம், தண்ணீர் என்று அது நீள்கிற பகுதி. செடி வாங்கிய பிறகுதான் தேவைப்படும். அதை அடுத்த பதிவாகப் போட்டுவிட்டு, இங்கே "நடும் முறை அடுத்த பதிவில்" என்று ஒரு வரி விடுங்கள். விலை மாறும்போது திருத்த வேண்டியது விலைப்பட்டியலின் ஐந்து வரிகளும் கேப்ஷனின் முதல் வரியும்தான். திருத்திச் சேமித்ததும் பதிவை ஒருமுறை திறந்து "more" தொட்டு, கடைசி வரியில் உள்ள போன் எண் வரை இறங்கிப் பாருங்கள்.